அதுவா, அதைப் போன்றதா?

ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்தின் வரைவு என் மேசைக்கு வந்தது. பதினான்கு பக்கம். படிக்கத் தொடங்கியவுடனே மூச்சு வாங்கியது. “மேற்படி உரிமையாளர் மேற்படி வளாகத்தில் நிறுவியுள்ள மேற்படி இயந்திரத்தை மேற்படி பராமரிப்பாளர்…” எண்ணிப் பார்த்தேன். 93 ‘மேற்படி’, 21 ‘அத்தகைய’. அதில் பேசப்பட்டதோ ஒரே ஓர் அச்சு இயந்திரம், ஒரே ஓர் உரிமையாளர், ஒரே ஒரு பராமரிப்பாளர். இத்தனை சுட்டிக்காட்டலுக்கு அங்கே வேலையே இல்லை.

அன்றிரவே கை வைத்துவிட்டேன். ‘மேற்படி’ எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ‘இந்த’. ‘அத்தகைய’ எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ‘அந்த’. கணினியில் தேடி மாற்றும் வசதி இருக்கிறது. ஒற்றெழுத்துகளைத் திருத்த மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. காலையில் வரைவு தெளிந்த நீர்போல இருந்தது. மூத்த வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பதினோராவது பிரிவு வரை பேசாமல் படித்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, “இதில் எது அம்மா ‘அந்தப் பழுது’?” என்று கேட்டார்.

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்பதே புரியவில்லை. பழுது என்றால் பழுது, முந்தைய வரியில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பிரிவின் மூலவடிவம் இது:

“மேற்படி இயந்திரத்தை 4 மணி நேரத்துக்கு மேல் இயங்கவிடாமல் நிறுத்தும் பழுது ஏற்பட்டால், மேற்படி உரிமையாளர் அதை எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். மேற்படி அறிவிப்பு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் மேற்படி பராமரிப்பாளர் அத்தகைய பழுதைச் சரிசெய்ய வேண்டும். ஓராண்டுக்குள் அத்தகைய பழுது மூன்று முறை ஏற்பட்டால், மேற்படி உரிமையாளர் இவ்வொப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.”

‘அத்தகைய பழுது’ இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டையும் நான் ‘அந்தப் பழுது’ ஆக்கியிருந்தேன். முதலாவதில் ஒரு கேடும் இல்லை. எந்தப் பழுதை உரிமையாளர் அறிவித்தாரோ அந்தப் பழுதைத்தான் பராமரிப்பாளர் சரிசெய்ய வேண்டும், வேறொன்றை அல்ல. அங்கே ‘அத்தகைய’ என்று எழுதியதுதான் உண்மையில் பிழை. அறிவித்தது உருளைப் பழுது என்றால், அதைப் போன்ற இன்னொரு பழுதைச் சரிசெய்துவிட்டு ‘கடமை முடிந்தது’ என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது இடம் வேறு. ஜனவரியில் உருளை உடைந்து இயந்திரம் ஆறு மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் மை இறைக்கும் பம்பு கெட்டு ஒரு பகல் முழுக்க நிற்கிறது. செப்டம்பரில் மின்பலகை கருகி இரண்டு நாள். மூலவடிவத்தின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இயந்திரத்தை நிறுத்திய பழுதுகள் மூன்று வந்துவிட்டன. உரிமையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். என் வடிவத்தின்படி ‘அந்தப் பழுது’ மூன்று முறை வர வேண்டும். உருளை ஒரு முறைதான் உடைந்தது. பம்பு ஒரு முறைதான் கெட்டது. மின்பலகையும் ஒரு முறைதான். ஒரே உருளை ஒரே ஆண்டில் மூன்று முறை உடைந்தாலொழிய உரிமையாளர் வெளியேற முடியாது. ஒப்பந்தத்திலேயே அவருக்கு மிக முக்கியமான உரிமையை நடையழகு என்ற பெயரில் நான் அழித்துவிட்டிருந்தேன்.

இதற்குப் பிறகுதான் இந்த இரண்டு சொற்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்று எனக்கு உறைத்தது. படிப்பவருக்கு இரண்டும் ஒரேபோல எரிச்சல் தருவதால், இரண்டையும் ஒரே குப்பைக்கூடையில் போடத் தோன்றுகிறது. ஆனால் ‘மேற்படி’ சுட்ட மட்டுமே செய்யும். ‘அத்தகைய’ சில நேரம் சுட்டும், சில நேரம் வகைப்படுத்தும்.

‘மேற்படி’யின் குலம் பழையது. ஆங்கிலச் சட்ட எழுத்தில் ‘ஸெட்’ என்ற சொல்லின் இந்தப் பயன்பாட்டுக்கு வேர், லத்தீனின் ‘டிக்டுஸ்’, ‘பிரேடிக்டுஸ்’, சட்டப் பிரெஞ்சின் ‘லெதீ’ ஆகியவற்றில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘சொல்லப்பட்ட’, ‘முன் சொல்லப்பட்ட’ என்றே பொருள். நிறுத்தற்குறியும் பத்தியும் இல்லாமல் ஒரே மூச்சாக எழுதப்பட்ட பத்திரங்களில், பத்தாவது வரியில் வருபவரும் முதல் வரியில் வந்தவரும் ஒருவரே என்று காட்ட ஏதாவது ஒரு கொக்கி வேண்டியிருந்தது. நம் பத்திர எழுத்தர்கள் அதையே இன்னும் சுருக்கி ‘ஷை’ என்றும் ௸ என்ற ஒற்றைக் குறியாகவும் எழுதினார்கள். அந்தக் குறிக்கு யூனிகோடிலும் இடம் உண்டு. பேச்சுத் தமிழில் மேற்படிக்கு இன்னொரு வாழ்க்கையும் இருக்கிறது. பெயர் சொல்லக் கூசுகிற எதையும் ‘மேற்படி சமாச்சாரம்’ என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். கேட்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். ஒப்பந்தத்திலும் நிலைமை ஏறக்குறைய அதுவே.

‘மேற்படி’ தனியாக எந்தத் துல்லியத்தையும் கொண்டுவருவதில்லை என்பதைத்தான் அதன் ரசிகர்கள் ஒப்புக்கொள்வதில்லை. மேலே ஒரே ஒரு கிடங்கு சொல்லப்பட்டிருந்தால், ‘கிடங்கு’ என்றாலே போதும். இரண்டு கிடங்குகள் சொல்லப்பட்டிருந்தால், ‘மேற்படி கிடங்கு’ என்று பத்து முறை எழுதினாலும் எது என்று தெரியாது. முதல் நிலையில் அது மிகை, இரண்டாம் நிலையில் அது பயனற்றது. எனவே மேற்படிக்குப் பதில் என்ன போடுவது என்று யோசிக்கும் முன், எதுவுமே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம். அந்த 93-இல் ஏறத்தாழ எழுபதுக்கு மாற்றுச் சொல்லே தேவைப்படவில்லை. உரிமையாளர், பராமரிப்பாளர், இயந்திரம், வளாகம் என்ற நான்கும் முதல் பக்கத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்தன. வரையறுத்த பிறகும் ‘மேற்படி உரிமையாளர்’ என்றால், வரையறையில் வராத வேறோர் உரிமையாளரும் எங்கோ இருக்கிறாரோ என்ற சந்தேகத்தைத்தான் அது கிளப்பும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ‘ஸெட்’டை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க ‘தி’ என்ற ஒரு சிறு சுட்டு இடைச்சொல் தயாராக இருக்கிறது. தமிழில் அது இல்லை. வெறும் பெயர்ச்சொல்லோ, அதற்கு முன் ‘அந்த’, ‘இந்த’வோ மட்டும்தான் நம் கையிருப்பு. அதனால் ஆங்கிலத்தில் தோன்றாத ஒரு கேள்வி நமக்கு எழுகிறது: ‘இந்த’வா, ‘அந்த’வா?

நான் எல்லா மேற்படியையும் ‘இந்த’ ஆக்கியதில் இரண்டாவது விபத்து நடந்திருந்தது. அதை மூத்தவர் கண்டுபிடிக்கவில்லை. அவமானத்தில் வரைவைத் திரும்ப வாங்கி உட்கார்ந்து படித்தபோது நானே கண்டேன். பதினேழாவது பிரிவு இப்படித் தொடங்கியது: “இயந்திரம் ஒரு வங்கியுடன் செய்துகொண்ட கடன் ஒப்பந்தத்தின்கீழ் ஈடாக உள்ளது. மேற்படி ஒப்பந்தம் முடியும்வரை, வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி இயந்திரத்தை வளாகத்திலிருந்து அகற்றக் கூடாது.” என் மாற்றத்துக்குப் பின் இரண்டாம் வாக்கியம் “இந்த ஒப்பந்தம் முடியும்வரை” என்று ஆகிவிட்டது.

ஒப்பந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘இந்த ஒப்பந்தம்’ என்றால், யார் படித்தாலும் கையில் இருக்கும் தாளைத்தான் நினைப்பார்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தின் காலம் இரண்டு ஆண்டு. கடனின் காலம் ஐந்து ஆண்டு. மூன்றாம் ஆண்டில் பராமரிப்பாளர் பழுதுபார்ப்பதற்காக இயந்திரத்தைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோகலாம், தடை இல்லை என்று வாசகம் சொல்லியிருக்கும். வங்கி சும்மா இருந்திருக்காது.

அன்றிலிருந்து எனக்கென ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ‘இந்த’ என்பதை ஆவணம் தன்னைத்தானே சுட்டிக்கொள்வதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன்: இந்த ஒப்பந்தம், இந்தப் பிரிவு, இந்த அட்டவணை. பின்னோக்கிச் சுட்ட வேண்டுமென்றால் ‘அந்த’. பேச்சில் சற்று முன் சொன்னதை ‘இந்த’ என்று சுட்டுவது நமக்கு இயல்பு. கட்டுரையில் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆவணத்தில் மட்டும் அந்த இயல்பைக் கட்டிப்போடுகிறேன். ஒப்பந்தம், பத்திரம், பிரிவு, அட்டவணை, அறிவிப்பு, தேதி ஆகிய சொற்களுக்கு முன் நிற்கும் மேற்படியைத் தொடும்போது கை தானாக நின்றுவிடும். ஆவணமே ஓர் அறிவிப்பாக இருந்தால், ‘மேற்படி அறிவிப்பு’ என்பதை ‘இந்த அறிவிப்பு’ ஆக்குவது வேறோர் ஆவணத்தை எழுதுவதற்குச் சமம்.

இன்னொரு வகை மேற்படியும் உண்டு. அதைத் தொடாமல் விடுவதும் தவறு, மாற்றுவதும் தவறு. பேச்சுவார்த்தையின்போது ஏதோ ஒரு பிரிவை நீக்கியிருப்பார்கள். அதில்தான் ‘வைப்புத்தொகை’ முதலில் பேசப்பட்டிருக்கும். இருபதாவது பிரிவில் ‘மேற்படி வைப்புத்தொகை’ அநாதையாக நிற்கும். அதை ‘அந்த வைப்புத்தொகை’ ஆக்கினால் அநாதைக்குச் சட்டை மாற்றியதுபோல்தான். மேற்படியை நீக்கத் தொடங்கினால் இப்படிப்பட்ட அநாதைகள் வெளிப்படும் என்பது ஒரு நல்ல பக்கவிளைவு. ஒவ்வொன்றுக்கும் ‘மேலே எங்கே?’ என்று தேடிப் போக வேண்டியிருக்கிறது. தேடிப் போனால்தான் அங்கே ஒன்றுமில்லை என்பது தெரிகிறது.

மேற்படியோடு கணக்கு இவ்வளவுதான். ‘அத்தகைய’ அப்படி எளிதில் தீர்வதில்லை.

தமிழில் ‘அத்தகைய’ என்பதற்கு ‘அந்தத் தன்மையுடைய’ என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. ‘அத்தகைய மனிதர்’ என்றால் அந்த மனிதரை அல்ல, அந்த மாதிரி மனிதரைச் சொல்கிறோம். தொனியைப் பொறுத்துப் பாராட்டாகவும் ஏச்சாகவும் ஒலிக்கும். ஆங்கிலத்தின் ‘ஸச்’ இரண்டு வேலை செய்கிறது. பொதுப் பேச்சில் ‘அப்படிப்பட்ட’ என்ற பொருள். சட்ட எழுத்தில் அதோடு ‘முன் சொன்ன அதே’ என்ற பொருளும். ஆங்கில வரைவுகளைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியவர்கள் எல்லா ‘ஸச்’சுக்கும் ‘அத்தகைய’ என்று போட்டுவிட்டார்கள். அதனால் நம் சொல்லுக்கு என்றுமே இல்லாத ஒரு பொருளைச் சட்டத் தமிழ் சுமத்திவிட்டது. ‘விண்ணப்பதாரர் அத்தகைய விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டும்’ என்று ஒரு படிவத்தில் படித்தால், அதே மாதிரியான இன்னொரு விண்ணப்பத்தை எங்கே போய் வாங்குவது என்று ஒருவர் திகைத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எனவே ஒவ்வொரு ‘அத்தகைய’விடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அதுவேயா, அதைப் போன்ற இன்னொன்றும் வரலாமா? அதுவே என்றால் ‘அந்த’ போடலாம். இன்னொன்றும் வரலாம் என்றால் ‘அந்த’ போடவே கூடாது.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. ‘எந்த நபர் விண்ணப்பித்தாலும், அத்தகைய நபருக்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.’ இங்கே யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆகவே இது வகையைச் சொல்கிறது, தொடாதே என்று தோன்றும். அப்படியில்லை. விண்ணப்பித்தவர் யாராக இருந்தாலும், பதில் போக வேண்டியது அவருக்குத்தான். அவரைப் போன்ற இன்னொருவருக்கு அல்ல. ஆகவே ‘எந்த நபர் விண்ணப்பித்தாலும் அந்த நபருக்கு’ என்பது பத்திரமான மாற்றம். யார், அவர்; எது, அது; எந்த, அந்த என்று முடிச்சுப்போடும் வழக்கம் தமிழில் ஏற்கெனவே உறுதியாக இருக்கிறது. சட்ட எழுத்து அதைப் பயன்படுத்திக்கொள்ளாதது விந்தைதான்.

மாற்றக் கூடாத இடத்துக்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் உதாரணம் 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் இருக்கிறது. முதல் உறுப்பின் நான்காம் பிரிவு, செனட்டர்கள் மற்றும் பிரதிநிதிகளின் தேர்தலுக்கான காலம், இடம், முறை ஆகியவற்றை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் வகுக்க வேண்டும் என்கிறது. அடுத்ததாக, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் எப்போது வேண்டுமானாலும் சட்டத்தின் மூலம் அத்தகைய விதிமுறைகளை இயற்றலாம் அல்லது மாற்றலாம் என்கிறது. கடைசியில் ஒரு சிறு விலக்கு இருக்கிறது. அது இங்கே தேவையில்லை.

‘அத்தகைய’வை எடுத்துவிட்டு ‘அந்த’ போட்டுப் பாருங்கள். காங்கிரஸ் அந்த விதிமுறைகளை மாற்றலாம் என்பது சரியாகவே இருக்கிறது. மாநிலம் வகுத்ததைக் காங்கிரஸ் மாற்றுகிறது. ‘அந்த விதிமுறைகளை இயற்றலாம்’ என்றால்? மாநிலம் ஏற்கெனவே இயற்றியதை மறுபடி எப்படி இயற்றுவது? மாநிலம் எதுவும் வகுக்காமல் இருந்தால் ‘அந்த’ என்று சுட்டவே ஒன்றுமில்லை. அதற்கும் மேலாக, ‘விதிமுறைகள்’ என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் அதற்கு முன் எங்கும் வரவில்லை. காலம், இடம், முறை என்று பிரித்துச் சொன்னதையெல்லாம் ‘அத்தகைய’ என்ற சொல்தான் கூட்டி அள்ளி ஒரு வகையாக்குகிறது.

1932-இல் ‘ஸ்மைலி எதிர் ஹோம்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சொற்றொடரைத் தொட வேண்டியிருந்தது. மினசோட்டா மாநிலத்தில் தொகுதிகளைப் பிரித்துச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்தார். அந்தத் தடை செல்லுமா என்பது வழக்கு. செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பின் நடுவே தலைமை நீதிபதி ஹியூஸ், ‘அத்தகைய விதிமுறைகள்’ என்பது மாநிலச் சட்டமன்றம் வகுக்க அதிகாரம் பெற்றுள்ள அதே பொதுத் தன்மையுடைய விதிமுறைகளைக் குறிக்கிறது என்று விளக்கினார். அதாவது வகை, குறிப்பிட்ட ஒன்று அல்ல. அந்தச் சொல்லை யாராவது நடைத்திருத்தம் என்று தொட்டிருந்தால், காங்கிரஸின் அதிகாரத்தில் பாதி போயிருக்கும்.

இதில் என்னைக் கவர்வது வினைச்சொல் செய்யும் உதவி. ‘அத்தகைய’வை மட்டும் உற்றுப் பார்த்தால் எதுவும் விளங்காது, அதன் வினையைப் பார்க்க வேண்டும். சரிசெய், திருப்பிக் கொடு, கையொப்பமிடு, நீக்கு போன்ற வினைகள் ஏற்கெனவே இருக்கும் பொருளின்மேல் நடப்பவை. அங்கே பெரும்பாலும் ‘அந்த’ சரியாக இருக்கும். இயற்று, ஏற்படு, புதிதாகச் செய், மறுபடி நிகழ் போன்ற வினைகள் புதியதொன்றைக் கொண்டுவருபவை. அங்கே பெரும்பாலும் வகைதான் பேசப்படுகிறது. என் பதினோராவது பிரிவில் ‘சரிசெய்’ ஒரு பக்கம், ‘மூன்று முறை ஏற்படு’ இன்னொரு பக்கம். அன்றிரவு வினைகளைப் பார்த்திருந்தாலே தப்பித்திருப்பேன்.

வகை என்று தெரிந்த பிறகும் ‘அத்தகைய’வை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. எந்தத் தன்மையுடைய என்ற கேள்வியை அது படிப்பவர் தலையில் கட்டுகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திய பழுது என்பதா, எழுத்துமூலம் அறிவிக்கப்பட்ட பழுது என்பதும் சேர்ந்தா? உரிமையாளர் தொலைபேசியில் மட்டும் சொன்ன பழுது அந்த மூன்றில் எண்ணப்படுமா? முடிவில் பிரிவை இப்படி எழுதினேன்: “இயந்திரத்தை 4 மணி நேரத்துக்கு மேல் இயங்கவிடாமல் நிறுத்தும் பழுது ‘பெரும்பழுது’ எனப்படும். பெரும்பழுது ஏற்பட்டால், உரிமையாளர் அதை எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பராமரிப்பாளர் அந்தப் பெரும்பழுதைச் சரிசெய்ய வேண்டும். ஓராண்டுக்குள் மூன்று பெரும்பழுதுகள் ஏற்பட்டால், அவை வெவ்வேறு காரணங்களால் ஏற்பட்டவையாக இருந்தாலும், உரிமையாளர் இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.” மூலத்தைவிட நீளம். மூத்தவர் படித்துவிட்டு, “இப்போது எது என்று தெரிகிறது” என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

மற்ற பத்தொன்பது ‘அத்தகைய’வும் இதே கேள்விக்கு வழிவிட்டன, ஒன்றைத் தவிர. அது செலவுகள் பற்றியது. “உதிரிபாகங்களின் விலையையும், பணியாளர்களின் பயணச் செலவையும் உரிமையாளர் ஏற்க வேண்டும். அத்தகைய செலவுக்கு அவருடைய முன்ஒப்புதல் பெற வேண்டும்.” ‘அந்தச் செலவுக்கு’ என்று மாற்றினால் கடைசியில் சொன்ன பயணச் செலவு மட்டும் என்றாகும். ‘அந்தச் செலவுகளுக்கு’ என்று பன்மையாக்கினால் இரண்டும் என்றாகும். மூலத்தில் இருந்ததோ ஒருமை. ஆனால் ‘அத்தகைய’ ஒருமையையும் பன்மையையும் விழுங்கிவிட்டிருந்தது. இரு தரப்பும் என்ன நினைத்து எழுதினார்கள் என்று கேட்டுக் கடிதம் அனுப்பினேன். இரண்டுக்குமே முன்ஒப்புதல் வேண்டும், அது வெளிப்படை என்று உரிமையாளர் எழுதினார். பயணச் செலவுக்கு மட்டும்தான், அது வெளிப்படை என்று பராமரிப்பாளர் எழுதினார்.

இரண்டு கடிதங்களையும் ஒன்றாகச் சேர்த்து இருவருக்கும் அனுப்பிவைத்தேன். மூன்று வாரம் பேசி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட உதிரிபாகங்களுக்கு மட்டும் முன்ஒப்புதல், பயணத்துக்கு எப்போதும் முன்ஒப்புதல் என்று ஒரு புதிய வாசகத்துக்கு வந்தார்கள். அது மூலத்தில் இருந்ததும் அல்ல, நான் மாற்ற நினைத்ததும் அல்ல.